ஆலை வாசலில் 140 டன் மாங்காய்: யார் வண்டி முதலில் உள்ளே போவது?

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் மாங்கூழ் ஆலைகளில் மேனேஜர், சூப்பர்வைசர் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பயிற்சி நடத்துவது என் தொழில். அதில் நான் எப்போதும் கொடுக்கிற ஒரு சூழ்நிலை இது. ஆலையும் எண்களும் கற்பனைதான். ஆனால் சீசனில் வேலை பார்த்த யாரும் இதைக் கதை என்று ஒதுக்கியதில்லை.

ஜூன் கடைசி வாரம். பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கிறது. விடியற்காலை கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம் ஒன்று பழுதாகிவிட்டது. உதிரி பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும், மூன்று நாள் ஆகும். இன்னொரு லைன் ஓடுகிறது. ஆனால் பழுக்கவைக்கும் கூடத்தில் ஏற்கெனவே கனிந்து நிற்கும் பழத்தை முதலில் அரைத்தாக வேண்டும். அதனால் வாசலில் நாளொன்றுக்கு 30 டன்தான் புதிதாக இறக்க முடியும், மூன்று நாளுக்கு 90 டன்.

வாசல் கணக்கில் இருப்பது 140 டன். நான்கு லாரிகளில் மண்டி வியாபாரிகளின் காய் 60 டன், ராத்திரியே வந்து வரிசையின் முன்னால் நிற்கிறது. அதற்குப் பின்னால் 20 மினி லாரி, டிராக்டர்களில் சிறு விவசாயிகளின் 40 டன். மீதி 40 டன் ஆலையோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்ட விவசாயிகளுடையது. அவர்கள் கையில் நாளைக்கான டோக்கன் இருக்கிறது. அதில் பாதி பறித்தாகிவிட்டது, பாதி இன்னும் மரத்தில்.

முதலாளி போனில் சொல்கிறார்: “மெஷின் விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம். வண்டி நிற்கட்டும். மதியத்துக்குள் அவர்களே விலையைக் குறைத்துக்கொள்வார்கள்.”

மேனேஜர் என்ன செய்ய வேண்டும்? பயன்பாடு, உரிமை, நீதி என்ற மூன்று அறநெறி அணுகுமுறைகளையும் வைத்து இதைப் பார்ப்போம்.

பயிற்சியில் முதலில் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். லாரியை முதலில் இறக்கு. ஒரு எடையில் 15 டன் முடிந்துவிடும், எடைமேடையில் நெரிசல் இருக்காது, வியாபாரி அடுத்த மாதமும் காய் கொடுப்பார். ‘இதுதானே சார் அதிக நன்மை’ என்பார்கள். ஜெரமி பெந்தம் 18ஆம் நூற்றாண்டில் முன்வைத்து, ஜான் ஸ்டூவர்ட் மில் செம்மைப்படுத்திய பயன்பாட்டுவாதத்தை இப்படித்தான் பலர் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பதிலில் ஆலையின் நன்மை மட்டும்தான் இருக்கிறது. பெந்தம் கேட்டது அதுவல்ல. ஒரு முடிவால் பாதிக்கப்படுகிற எல்லோரையும் கணக்கில் எடு, ஒவ்வொருவரையும் ஒருவராக மட்டும் எண்ணு, முதலாளியும் அந்தக் கணக்கில் ஒரு தலைதான் என்பதே அவருடைய நிபந்தனை. இதை விட்டுவிட்டால் அது வெறும் லாபக் கணக்கு.

சரியாகப் போட்டால் கணக்கே மாறுகிறது. நஷ்டம் எங்கே உண்டாகிறது என்று பாருங்கள். மரத்தில் நிற்கும் காய் நான்கைந்து நாள் தள்ளிப் பறித்தாலும் பெரும்பாலும் தாங்கும். காற்று மழை வந்தால் கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். பறித்து வண்டியில் குவித்த காய் வேறு. வெயிலில் குவியலின் உள்ளே சூடேறும், அடிக்காய் நசுங்கும், காம்புப் பால் பட்ட இடம் கறுக்கும். கிலோ பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு டன் கொண்டுவந்தவரின் மொத்த வருமானம் இருபதாயிரம். பறிப்புக் கூலி, ஏற்றுக் கூலி, வண்டி வாடகை அதிலிருந்துதான் போக வேண்டும். இரண்டு நாள் கூடுதல் வாடகை கொடுத்தால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றரை லட்சம் ரூபாய்க் காய் ஏற்றிய வியாபாரிக்கு அதே இரண்டு நாள் வாடகை வலிக்கும், ஆனால் ஆளை விழுங்காது. ஆகவே பயன்பாட்டு அணுகுமுறை சொல்வது இதுதான்: மரத்தில் இருப்பதைத் தள்ளிப்போடு, பறித்ததில் சிறிய வண்டிகளை முதலில் எடு, மீதி இடத்தைக் கனிந்த காய் வைத்திருக்கும் லாரிக்குக் கொடு.

இந்தக் கணக்கின் பலவீனம் அது நம்பியிருக்கும் ஊகங்களில் இருக்கிறது. ‘லாரிக்காரர் சித்தூர் பக்கம் போய்விடுவார்’ என்று எல்லோரும் சுலபமாகச் சொல்வோம். 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூரா உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டது. அந்த மாதிரி வருஷத்தில் அந்த வழியே கிடையாது. வேறு ஆலைக்குப் போன் போட்டு இடம் இருக்கிறதா என்று கேட்காமல் எழுதுகிற நன்மைக் கணக்கை நான் நம்புவதில்லை.

இப்போது முதலாளியின் போனுக்கு வருவோம். மௌனமாக இருப்பதற்கும் பயன்பாட்டுவாதத்தில் ஒரு சாக்கு கண்டுபிடிக்கலாம். ‘சொன்னால் வாசலில் கலாட்டா ஆகும், எல்லோருக்கும் நஷ்டம்’ என்று. உரிமை அணுகுமுறை இங்கேதான் குறுக்கே நிற்கிறது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்பது இம்மானுவேல் கான்ட்டின் நிலைப்பாடு. வரிசையில் நிற்பவர் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறார்: இங்கேயே காத்திருப்பதா, காவேரிப்பட்டணம் பக்கம் வேறு ஆலையைப் பார்ப்பதா, மண்டிக்குத் திருப்புவதா. அந்த முடிவுக்குத் தேவையான ஒரே தகவலை மறைத்து, அவர் காய் வாடுவதையே விலை குறைக்கும் கருவியாக்குவது பேரம் ஆகாது. பேரத்தில் அவருக்கும் எழுந்து போகிற வழி இருக்கும். இங்கே அந்த வழி மணிக்கு மணி அடைபடுகிறது, அது அவருக்கே தெரியாது.

இதைச் சோதிக்க நான் ஒரு கேள்வி கேட்பேன்: நாளைக்கு விஷயம் தெரிந்த பிறகு அவர் ‘காலையிலேயே தெரிந்திருந்தால் போயிருப்பேனே’ என்று சொல்வாரா? சொல்வார் என்றால் அவருடைய உரிமையை எடுத்துக்கொண்டோம். எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மை என்று கூட்டிக் காட்டி இதை ஈடு செய்ய முடியாது. உரிமை அணுகுமுறை சில வழிகளை ஆரம்பத்திலேயே மேசையிலிருந்து எடுத்துவிடுகிறது. மௌனம் அப்படிப்பட்ட ஒன்று.

இன்னொரு உரிமையும் இருக்கிறது, டோக்கன். எழுதிக் கொடுத்த வாக்கை நம்பி 20 டன் பறித்துவிட்டார்கள். பயன்பாட்டுக் கணக்கு இவர்களையும் மற்றப் பறித்த காய்களோடு ஒன்றாகப் போட்டுக் குலுக்கிவிடும். உரிமைப் பார்வையில் இவர்கள் தனி. ஆனால் காவலாளி வாசல் நோட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாரே, அதுவும் வாக்குதானே என்று லாரிக்காரர் கேட்பார். பாதி நியாயம். நோட்டில் எழுதியது வந்த வரிசையை மட்டும்தான், வாங்கிக்கொள்கிறோம் என்று அதில் யாரும் எழுதவில்லை. இந்த மாதிரி உரிமையும் உரிமையும் மோதும்போது கான்ட் அதிகம் கை கொடுக்க மாட்டார். யாருக்கு எது கூடாது என்று தெளிவாகச் சொல்கிற அணுகுமுறை, மிச்சத்தை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால் திணறுகிறது.

பங்கீடு நீதி அணுகுமுறையின் வேலை. ஒரே நிலையில் இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்து, வேறுபடுத்தினால் அந்த வேறுபாட்டுக்கு விஷயத்தோடு தொடர்புள்ள காரணம் இருக்கட்டும் என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது மேலோட்டமாக நியாயமான விதிதான். ஆனால் ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தி வைக்க யாரால் முடியும்? டிரைவரும் கிளீனரும் உள்ள லாரியால் முடியும். ஊத்தங்கரை பக்கம் பகலெல்லாம் தானே பறித்து, சாயங்காலம் டிராக்டர் பிடித்து வருகிறவரால் முடியாது. அந்த வரிசை காத்திருக்கும் வசதியைத்தான் அளக்கிறது. ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த சோதனை இங்கே உதவும்: நீங்கள் லாரிக்காரரா, இரண்டு ஏக்கர்க்காரரா, ஆலை முதலாளியா என்று தெரியாத நிலையில் விதியை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவீர்கள்? பயிற்சியில் சீட்டு எழுதிக் குலுக்கி, சீட்டைப் பிரிப்பதற்கு முன் விதியை எழுத வைப்பேன். வெறும் வரிசை விதியை அப்போது யாரும் எழுதுவதில்லை. ‘ஒரே நாளில் அழிந்துபோகிறவரை முதலில் பார்’ என்பதற்கு நெருக்கமாகத்தான் வருகிறது.

நீதி இன்னொன்றையும் கேட்கிறது, அதை மேனேஜர்கள் ரசிப்பதில்லை. பழுதானது ஆலையின் இயந்திரம். அதன் சுமை முழுவதையும் வாசலில் நிற்பவர் ஏன் சுமக்க வேண்டும்?

சிறு விவசாயி, வியாபாரி என்று பிரித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் முடியாது. வியாபாரி காயைக் காசு கொடுத்து வாங்கி ஏற்றியிருந்தால் நஷ்டம் அவருடையது. கமிஷனுக்கு ஏற்றி வந்திருந்தால், அந்த 15 டன் லாரிக்குள்ளே பணம் இன்னும் வராத பத்துப் பதினைந்து சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒரு முதலாளி, உள்ளே பார்த்தால் ஒரு ஊர். ‘இது யார் காய், பணம் கொடுத்தாயிற்றா?’ என்று நான்கு லாரியிலும் கேட்க வேண்டும். எல்லோரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஊர் பேரையும் நான்கு பேரின் நம்பரையும் கேட்டுப் போன் போட்டால் தெரிந்துவிடும்.

நான் பார்த்ததில் கொஞ்சமாவது நிற்கிற முடிவு இப்படி வந்தது. காலை ஏழு மணிக்குள் வாசல் பலகையில் பழுது விவரம், மூன்று நாள் கொள்ளளவு, விதி மூன்றையும் எழுதிப் போட வேண்டும். டோக்கனை நம்பிப் பறித்த 20 டன்னை எடுத்துக்கொள்வது. மரத்தில் இருக்கும் 20 டன்காரர்களுக்குப் போன் செய்து, விலை இன்றைய விலையேதான் என்று உறுதி சொல்லி நான்கு நாள் தள்ளச் சொல்வது. சிறு வண்டிகளின் 40 டன்னை முழுதாக எடுப்பது. மிச்சம் 30 டன், அதாவது இரண்டு லாரிகள்: கமிஷன் காய் ஏற்றியதற்கு முதலிடம், அதிலும் சமமாக இருந்தால் காய் அதிகம் கனிந்ததற்கு. மற்ற இரண்டு லாரிகளுக்கு வேறு ஆலையில் இடம் கேட்டுக் கொடுத்து, திரும்பிப் போகும் வாடகையில் பாதியை ஆலை ஏற்பது.

மூன்று அணுகுமுறையையும் ஓட்டுப் போட வைத்து இரண்டுக்கு ஒன்று என்று எடுத்த முடிவல்ல இது. உரிமை முதலில் கூடாதவற்றை விலக்கியது, நீதி விதியைக் கொடுத்தது, மிஞ்சிய இடத்தில் எது குறைவாக அழுகும் என்ற கேள்வியைப் பயன்பாட்டுக் கணக்கு தீர்த்தது. இந்த வரிசை எல்லாச் சிக்கலுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆலையில் அம்மோனியா வாயு கசிந்தால் யாரும் டோக்கன் பார்க்கப் போவதில்லை.

விதி உடைகிற இடமும் எனக்குத் தெரியும். பத்து மணிக்கு ஒரு போன் வரும், ‘நம்ம ஆள் வண்டி ஒன்று நிற்கிறது, கொஞ்சம் பாருங்கள்’ என்று. பலகையில் எழுதிய விதிக்குப் பக்கத்தில் அந்தக் காரணத்தையும் சாக்பீஸால் எழுத மேனேஜருக்குத் தைரியம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார்ப்பேன்.

திருப்பி அனுப்பப்பட்ட லாரிக்காரருக்கு இதில் திருப்தி இருக்காது. ‘ராத்திரி இரண்டு மணிக்கு வந்தவன் நான்’ என்பார், அது பொய்யும் இல்லை. பாதி வாடகை அவருடைய ஒரு ராத்திரிக்கு ஈடாகுமா என்பதில் பயிற்சிக்கு வந்தவர்களிடையே எந்த முறையும் ஒரே கருத்து வந்ததில்லை. முழு வாடகையும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் மட்டும் அதற்குத் தலையாட்டியதே கிடையாது.