லிஃப்ட் குழியில் நீர் ஊறினால் கட்டுநருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

காரைக்குடியில் ஓர் ஊருணிக்கு அருகே கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தினர், கட்டுநருக்கு எழுதிய கடிதத்தின் நகலோடு சென்ற ஐப்பசியில் என்னிடம் வந்தார்கள். ‘லிஃப்டில் தண்ணீர் நிற்கிறது, அடித்தளத்தில் விரிசல் விழுந்திருக்கிறது, உடனே சரிசெய்து தரவும்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கட்டுநரின் நிறுவனமும் ஆள் அனுப்பி, லிஃப்டின் அடியிலுள்ள குழியின் உட்புறம் நீர்க்காப்புச் சிமெண்டு பூசிவிட்டுப் போயிருந்தது. அடுத்த மழையில் பூச்சு உப்பிக் கழன்றது. வெளியே ஒரு மீட்டர் உயரம் தேங்கும் நிலத்தடி நீர், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம் தருவதால், உட்புறப் பூச்சு மட்டும் அதைத் தாங்கி நிற்பது அரிது.

ஆகவே இரண்டாவது கடிதத்தை எழுதுமுன் கவனித்துக் குறிக்கச் சொன்னேன். குழிக்குள் குடியிருப்போர் எவரும் இறங்கக் கூடாது என்பதில் நான் எப்போதும் உறுதியாக இருப்பேன். நீர் நின்றால் லிஃப்டை நிறுத்திவிட்டு, பராமரிப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பரை வரவழைக்க வேண்டும். நீர்மட்டத்தை அவரே அளந்து, படமெடுத்து, தேதியுடன் எழுதித் தந்தார். மழை ஓய்ந்த பிறகும் மட்டம் உயர்ந்தது என்பதும், குழியின் தரையும் சுவரும் சேரும் இணைப்பில்தான் ஈரக்கோடு ஓடுகிறது என்பதும் அதில் தெரிந்தன. அடித்தளக் கான்கிரீட்டை ஒரு நாளும் சுவரை இன்னொரு நாளும் வார்க்கும்போது, அந்த இணைப்பில் நீர்த்தடுப்புப் பட்டை சரியாகப் பதிக்கப்படாவிட்டால் நீர் முதலில் நுழைவது அங்கேதான்.

‘உங்கள் தண்ணீர்த் தொட்டிதான் கசிகிறது’ என்ற மறுமொழி வரும் என்பதால் அதையும் முன்கூட்டியே சோதித்தோம். தரைக்கடியிலுள்ள தொட்டியை நிரப்பி, வரவையும் போக்கையும் அடைத்து, மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தோம். தொட்டியின் மட்டம் இறங்கவில்லை; குழியில் மட்டும் நீர் ஏறியது.

விரிசல்களை ஒன்றாகக் கலந்து எழுதுவது கடிதத்தைப் பலவீனமாக்கும். லிஃப்ட் ஏறி இறங்கும் தூம்பில் தரைத்தளத்திற்கு மேலே, உத்திரத்துக்கும் செங்கல் சுவருக்கும் இடையே ஓடிய கிடைக்கோடு பெரும்பாலும் பூச்சோடு நிற்கும் விரிசல். ஊருணிப் பக்க அடித்தளச் சுவரிலிருந்த செங்குத்து விரிசல்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் ஓரம் வெள்ளை உப்புப் படிந்து, ஓரிடத்தில் துருவின் பழுப்புக் கறையும் இருந்தது. துருக்கறை என்றால் நீர் கம்பி வரை போயிருக்கக்கூடும். மண்ணையோ நிலத்தடி நீரையோ தொட்டிருக்கும் கான்கிரீட்டில் விரிசலின் அகலம் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456; அளவு அட்டையை வைத்துப் பார்த்தபோது ஒரு விரிசல் அதைத் தாண்டியிருந்தது. பூச்சைக் கொத்திப் பார்க்கச் சிலர் விரும்பினார்கள். அதைக் கூட்டு ஆய்வில், கட்டுநரின் பொறியாளர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும் என்று தடுத்தேன். இல்லையெனில் சேதம் குடியிருப்போர் செய்தது என்றாகிவிடும்.

கடிதத்தின் மையப் பத்தி இவ்வாறு அமைந்தது:

‘2021 ஜூன் மாதம் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட கட்டடத்தில், இணைப்பிலுள்ள படங்களும் அளவுகளும் காட்டும் குறைபாடுகளை, ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016, பிரிவு 14(3)-இன்படி இதன்மூலம் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம். கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்து, நீர் நுழையும் காரணத்தையும் அதைச் சரிசெய்யும் முறையையும் எழுத்தில் தெரிவித்து, 30 நாட்களுக்குள் எங்களிடம் கட்டணம் பெறாமல் சீரமைத்துத் தருமாறு கோருகிறோம்.’

காரணம் இன்னதென்றோ, இன்ன மருந்தைச் செலுத்துங்கள் என்றோ நாங்கள் எழுதவில்லை. நாம் சொன்ன முறை தோற்றால் பொறுப்பும் நம்மிடம் வந்துவிடும். கடிதம் 2025 நவம்பரில், பட்டுவாடாச் சான்றுடன் விரைவுத் தபாலில் போனது.

கூட்டு ஆய்வில் பூச்சை நீக்கியபோது, அடித்தள விரிசல் கான்கிரீட்டிலும் தொடர்வதை நிறுவனப் பொறியாளரே ஒப்புக்கொண்டார். இணைப்பிலும் விரிசலிலும் துளையிட்டு, நீர்வழியை அடைக்கும் பாலியூரித்தேன் பிசினைச் செலுத்துவதென்றும், துருவேறிய இடத்தில் கம்பியைத் திறந்து சுத்தம் செய்து மீண்டும் மூடுவதென்றும் முடிவாயிற்று. தூம்பின் மேற்புற விரிசல் பூச்சோடு நின்றிருந்தது.

ஆனால் இங்கே காலக்கணக்கு ஒன்று இருக்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து குறைகளை அறிவிக்கச் சட்டம் தரும் 5 ஆண்டு 2026 ஜூனில் முடிகிறது. மார்கழியில் செய்த வேலை நிலைத்ததா என்பதை அடுத்த வடகிழக்குப் பருவமழைதான் சொல்லும். அது அக்டோபரில்தான் வரும். அப்போது மீண்டும் ஊறினால், ‘இது புதிய குறை, காலம் கடந்துவிட்டது’ என்று வாதிட இடமுண்டு. அதனால் வேலை தொடங்குமுன் இன்னொரு கடிதம் எழுதச் செய்தேன்: அதே இணைப்பிலோ அதே சுவரிலோ அடுத்த பருவமழை முடிவதற்குள் கசிவு தோன்றினால், அது 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட குறையின் தொடர்ச்சியே என்று நிறுவனம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நிறுவனம் தயங்கியது, பிறகு கையொப்பமிட்டது. தொழில்நுட்பரின் அளவுப் பதிவேடு அதுவரை தொடரும்.