மாதுளையின் வெள்ளைச் சவ்வைத் தின்னலாமா?

"நாலு வயசுப் பையன் மாதுளை முத்தோடு அந்த வெள்ளைச் சவ்வையும் மென்று முழுங்கிவிட்டான். அது விஷம் என்கிறார் மாமியார். உண்மையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

விஷம் இல்லை. முத்துக்களைப் பிரிக்கும் சவ்வையும், தோலுக்கு உள்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கும் வெள்ளைப் பகுதியையும் தின்றால் ஒன்றும் ஆகாது. மாதுளையில் நிஜமாகவே பயப்பட வேண்டியது மரத்தின் வேர்ப்பட்டையும் தண்டுப்பட்டையும்தான். நாடாப்புழுவை வெளியேற்ற அந்தக் காலத்தில் கொடுத்த மருந்து அது. அதிலுள்ள பெல்லெட்டியரின் என்ற வேதிப்பொருள் அளவு மீறினால் வாந்தி, தலைசுற்றல், பார்வைக் கோளாறு வரை போகும். மாமியாரின் பயம் அங்கிருந்து வந்ததோ என்னவோ.

சவ்வில் இருப்பது டானின். அதைக் கடித்ததும் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அந்த வேலையைப் பார்ப்பது இதுதான். நாம் துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்கள். உடலியல்காரர்களோ அதைப் பெரும்பாலும் தொடு உணர்ச்சிக் கணக்கில் வைக்கிறார்கள். உமிழ்நீர் வழவழப்பாக இருப்பதற்கு அதில் மிதக்கும் புரதங்கள் காரணம். டானின் மூலக்கூறு பெரியது. பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும். ஒரே மூலக்கூறு இரண்டு மூன்று புரதங்களைச் சேர்த்துப் பிடித்து இழுக்க, அவை திரண்டு படிந்துவிடுகின்றன. எண்ணெய் வற்றிய கதவுக் கீல் மாதிரி நாக்கு அண்ணத்தில் உரசுகிறது. அந்த உரசலுக்குத்தான் நாம் துவர்ப்பு என்று பேர் வைத்திருக்கிறோம். கடுந்தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான்: டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிடுகிறது, உமிழ்நீர் தப்பிக்கிறது.

டானின் இரும்பையும் விடாது. துருப்பிடிக்கும் பழைய அரிவாள்மனையில் மாதுளையை அரிந்து, கழுவாமல் வைத்துப் பாருங்கள். வெட்டுவாயில் கருநீலக் கறை ஏறியிருக்கும். கலம்காரித் துணியின் கறுப்பும் இதே வித்தைதான். அங்கே டானின் கடுக்காயிலிருந்து வருகிறது. வயிற்றுக்குள்ளும் டானின் உணவின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உடம்பில் சேர்வது குறையும். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த நேரத்தில் சவ்வை மெல்ல வேண்டாம். நிறையத் தின்றால் மலச்சிக்கலும் வரலாம்.

விஷம் இல்லை என்பதற்காகச் சவ்வைத் தேடித் தின்ன வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். மாதுளையின் மகிமை பேசும் ஆய்வுகளில் சாறு விற்பவர்களின் பணத்தில் நடந்தவை உண்டு. செலவு யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் நான் படிப்பது.

பழத்தை உடைத்ததும் சவ்வின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையோ இளமஞ்சளோ இருந்தால் சரி. உள்ளே கறுத்துக் குழைந்திருந்தால் அது பூசணம். பூ வழியாகவே நுழைந்துவிடும் என்பதால் வெளித்தோல் பளபளவென்றே இருக்கும். அதே அளவுள்ள மற்ற பழத்தைவிடக் கையில் கனம் குறைவாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம். அந்தப் பழத்தில் முத்தைக்கூடப் பொறுக்க வேண்டாம், முழுதாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.