பழைய வட்டி ஸ்வாப்புக்கு இன்று என்ன விலை?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி நிறுவனம் நடத்தும் ஒருவர் பேங்க் அனுப்பிய கடிதத்தோடு வந்தார். கடனை முன்கூட்டியே அடைக்கப் போகிறார். பட்டறைக்குப் பக்கத்து நிலம் நல்ல விலைக்குப் போயிருக்கிறது, கையில் பணம் இருக்கிறது. ஆனால் கடிதத்தில் கடன் பாக்கிக்குக் கீழே தனியாக 240,200 ரிங்கிட் கேட்டிருந்தார்கள். வட்டி ஸ்வாப்பை முடிப்பதற்கான தொகையாம். "தம்பி, கடனை சீக்கிரம் கட்டுறதுக்கு அபராதமா?" என்று கேட்டார்.

அபராதம் இல்லை. ஆனால் அந்த எண் சரிதானா என்பது வேறு கேள்வி. அதைச் சரிபார்க்கும் வழி கால்குலேட்டரில் முடிகிற வேலைதான். தோட்டத் தொழிலை நம்பிய சிறு நிறுவனங்கள் என் அலுவலகத்துக்கு நிறைய வருகின்றன. கடிதத்தில் வரும் எண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் இவருடைய கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதிருக்க எண்களை மாற்றி, எளிதாக்கியிருக்கிறேன்.

கடன் 10 மில்லியன் ரிங்கிட், அசல் முழுவதும் கடைசியில். வட்டி மூன்று மாத கிளைபோர், அதாவது பேங்க்குகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் விகிதம்; அதன்மேல் பேங்க்கின் இலாப விகிதம். 2022-இல் பேங்க் நெகாரா மே மாதம் தொடங்கி நவம்பருக்குள் தன் அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆரை 1.75-இலிருந்து 2.75 சதவீதத்துக்கு நான்கு தடவையாக ஏற்றியது நினைவிருக்கும். இன்னும் ஏறும் என்ற பயத்தில் இவர் ஐந்து வருட ஸ்வாப் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவர் பேங்க்குக்கு 4 சதவீத நிலை வட்டி கொடுப்பார். பேங்க் இவருக்குக் கிளைபோர் கொடுக்கும். வந்த கிளைபோர் கடன் வட்டிக்குப் போய்விடும். கையில் நிற்கும் செலவு 4 சதவீதமும் பேங்க்கின் இலாப விகிதமும் மட்டுமே. அந்த இலாப விகிதம் கடன் ஒப்பந்தத்தில் இருப்பது, ஸ்வாப்பில் இல்லை. மதிப்பிடும்போது அதைக் கலந்துவிடக் கூடாது.

இப்போது இரண்டு வருடம் மிச்சம், அதாவது எட்டுத் தவணை. விகிதம் இறங்கிவிட்டது. மீதமுள்ள இரண்டு வருடத்துக்குச் சந்தையில் ஸ்வாப் விகிதம் 3.20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பார்க்க வேண்டியது எஞ்சிய காலத்துக்கான விகிதம். ஆரம்பத்தில் ஐந்து வருடத்துக்குப் போட்டதால் இன்றைய ஐந்து வருட விகிதத்தோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. முடிந்துபோன மூன்று வருடத்துக்கும் இன்றைய விலைக்கும் சம்பந்தமே இல்லை. "இத்தனை வருசத்துல எனக்கும் பேங்க்குக்கும் சரிக்குச் சரியாப் போச்சே" என்று அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், கணக்கில் அதற்கு இடம் கிடையாது.

ஸ்வாப்பை இரண்டு பத்திரமாகப் பிரித்துப் பாருங்கள். இவர் பேங்க்குக்கு விற்ற நிலை வட்டிப் பத்திரம் ஒன்று. பேங்க் இவருக்கு விற்ற மாறும் வட்டிப் பத்திரம் ஒன்று. ஸ்வாப்பில் அசல் கைமாறுவதில்லை என்றாலும், கடைசி நாளில் இரண்டு பக்கமும் 10 மில்லியனைக் கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சேர்த்துக்கொண்டால் விடை மாறாது, கணக்கு சுலபமாகும்.

முதலில் வட்டி புதுப்பிக்கும் நாளிலேயே மதிப்பிடுகிறோம் என்று கொள்வோம். மாறும் வட்டிப் பக்கத்தில் அடுத்த எட்டுக் கிளைபோரும் என்னவாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இன்று 10 மில்லியனைக் கையில் வைத்திருப்பவர் அதை மூன்று மாதத்துக்குக் கிளைபோரில் போட்டு, வட்டியை எடுத்துக்கொண்டு, அசலை மறுபடி அன்றைய கிளைபோரில் போட்டுக்கொண்டே போனால், மாறும் வட்டிப் பத்திரம் தருவதெல்லாம் அப்படியே கிடைத்துவிடும். ஆகவே அந்தப் பத்திரத்தின் விலை அந்த நாளில் 10 மில்லியன், கூடவும் இல்லை குறையவும் இல்லை. கிளைபோர் நாளைக்கு ஏறினாலும் இறங்கினாலும் வட்டியும் மாறுகிறது, வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரக் கழிக்கும் விகிதமும் மாறுகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும்.

நிலை வட்டிப் பக்கத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. தவணைக்கு 100,000 ரிங்கிட், கடைசியில் 10 மில்லியன். இவற்றை இன்றைய விகிதத்தில், அதாவது காலாண்டுக்கு 0.8 சதவீதத்தில் கழித்தால் 10,154,390 வருகிறது. மாறும் பக்கமான 10 மில்லியனை எடுத்துவிட்டால் இவர் தலையில் நிற்பது 154,390 ரிங்கிட். குறுக்கு வழியிலும் இதே விடைதான். இன்று புதிதாக ஸ்வாப் போடுகிறவர் தவணைக்கு 80,000 கொடுக்கிறார், இவர் 100,000 கொடுக்கிறார். தவணைக்கு 20,000 அதிகம், எட்டுத் தவணை, 160,000. அதன் இன்றைய மதிப்பு 154,390.

ஆனால் பேங்க் கடிதம் புதுப்பிக்கும் நாளில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தது. அதற்குள் சந்தை விகிதம் 2.80 ஆகிவிட்டது. தவறுகள் பெரும்பாலும் நடப்பது இந்த இடத்தில்தான்.

நடப்புக் காலாண்டுக்கான கிளைபோர் ஏற்கெனவே 3.20 என்று குறித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் பேங்க் கொடுக்க வேண்டியது 80,000 ரிங்கிட், அது இனி மாறாது. அந்தத் தொகை கிடைக்கும் நாளில் மாறும் வட்டிப் பத்திரம் மறுபடி சரியாக 10 மில்லியன் பெறும். எனவே மாறும் பக்கத்தின் இன்றைய விலை, 10,080,000 ரிங்கிட்டை இரண்டு மாதத்துக்குக் கழித்த தொகை. நிலைப் பக்கத்தில் அதே இரண்டு மாதத்தில் 100,000, அதற்குப் பிறகு ஏழு தவணையும் அசலும். எக்செலில் முதல் வரி நிலைப் பக்கம், இரண்டாவது மாறும் பக்கம்:

```
=(100000+PV(0.7%,7,-100000,-10000000))/(1+2.8%*2/12)
=(80000+10000000)/(1+2.8%*2/12)
```

முதலாவது 10,256,378. இரண்டாவது 10,033,178. வித்தியாசம் 223,200 ரிங்கிட். முதல் தவணையில் 20,000, மற்ற ஏழிலும் 30,000 அதிகம் என்று கூட்டிக் கழித்தாலும் இதுவேதான் வரும்.

மாறும் பக்கம் எப்போதும் 10 மில்லியன்தான் என்று மனப்பாடம் செய்தவர் இங்கே 256,378 என்று எழுதுவார். குறித்தாகிவிட்ட கிளைபோரை விட்டுவிட்டதால் 33,178 ரிங்கிட் கூடுதல். எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு. கடைசியாகக் குறித்த 3.20-ஐயே எட்டுத் தவணைக்கும் போட்டுக்கொண்டு "வித்தியாசம் 20,000-தானே" என்று கணக்கிட்டால் நஷ்டம் சுமார் 68,000 ரிங்கிட் குறைவாகத் தெரியும். ஒப்பந்தத்தில் கிளைபோரை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் குறிப்பார்கள். ஸ்வாப் சந்தை தினமும் நகர்கிறது.

சேர்ந்துவிட்ட வட்டியையும் கவனியுங்கள். நடப்புக் காலாண்டின் 20,000 வித்தியாசத்தில் ஒரு மாதப் பங்கு, ஏறக்குறைய 6,667, ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. நம் 223,200-க்குள் அதுவும் அடங்கியிருக்கிறது. பேங்க் ஸ்வாப் மதிப்பு என்று ஒரு வரியும், சேர்ந்த வட்டி என்று இன்னொரு வரியும் போட்டிருந்தால், மதிப்பு வரியில் சுமார் 216,500-தான் இருக்க வேண்டும். இரண்டு வரியிலும் அந்த வட்டி இருந்தால் இரண்டு தடவை கட்டுகிறீர்கள் என்று பொருள். இவருடைய கடிதத்தில் ஒரே தொகைதான், வட்டியும் உள்ளடக்கம் என்று தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டேன்.

அப்படியானால் 223,200-க்கும் 240,200-க்கும் நடுவில் இருக்கும் 17,000 என்ன? இந்த ஸ்வாப்பில் சந்தை விகிதம் 0.01 சதவீதம் நகர்ந்தால் மதிப்பு ஏறக்குறைய 1,700 ரிங்கிட் நகரும். 10 மில்லியனில் 0.01 சதவீதம் ஆண்டுக்கு 1,000. இனிமேல் விகிதம் குறிக்க வேண்டிய ஏழு காலாண்டுகளின் இன்றைய எடை சுமார் 1.7 ஆண்டு. ஆகவே பேங்க் தன் பங்காக 0.10 சதவீதத்தை உள்ளே வைத்திருக்கிறது. ஸ்வாப்பை முடிக்கும்போது பேங்க்கும் சந்தையில் எதிர்ப்பக்கம் வாங்க வேண்டியிருக்கும், ஏதோ ஒரு இடைவெளி இருக்கத்தான் செய்யும். ஆனால் அது எவ்வளவு என்று கடிதத்தில் எழுதமாட்டார்கள். இப்படிப் பிரித்தெடுத்தால்தான் தெரியும். என் கணக்கைத் துல்லியம் என்று சொல்லமாட்டேன்: ரிங்கிட் ஸ்வாப்பில் 365 நாள் அடிப்படையில் உண்மையான நாள்களை எண்ணுவார்கள், நான் காலாண்டை வருடத்தில் சரியாக நாலில் ஒரு பங்காக எடுத்தேன். விகிதமும் எல்லாக் காலத்துக்கும் ஒன்றே என்று வைத்தேன். இவற்றால் ஓரிரு ஆயிரம் முன்பின் ஆகலாம், பதினேழாயிரம் ஆகாது.

அடமானப் பணம் வைக்கும் ஒப்பந்தமாக இருந்தால் கதை கொஞ்சம் மாறும். அப்போது கழிப்பதற்கு ஒருநாள் வட்டி விகிதத்தைப் பயன்படுத்துவார்கள், மாறும் பக்கம் புதுப்பிக்கும் நாளில் சரியாக 10 மில்லியன் என்பது அப்படியே நிற்காது. எங்கள் பக்கத்துச் சிறு நிறுவனங்களில் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை. தவணைக்குத் தவணை அசல் குறையும் ஸ்வாப்தான் அதிகம். அதற்கும் இதே முறைதான். நிலைப் பக்கத்தில் ஒவ்வொரு தவணையிலும் குறையும் அசலையும் கட்டும் தொகையோடு சேர்த்து இன்றைய மதிப்புக்குக் கழிக்க வேண்டும். ஒற்றை PV சூத்திரம் அங்கே உதவாது, வரிசையாக எழுதித்தான் ஆக வேண்டும்.

"கட்டாம விட்டா?" என்றார் அவர். விடலாம். கடன் முடிந்தாலும் ஸ்வாப் தனி ஒப்பந்தம், அது பாட்டுக்கு ஓடும். விகிதம் இப்படியே நின்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,000, பிறகு 30,000 என்று கட்டிக்கொண்டிருப்பார்; இன்றைய மதிப்பில் அதுவும் 223,200-தான். ஆனால் கடன் இல்லாத ஸ்வாப் எந்த ஆபத்தையும் மறைக்காது. விகிதம் ஏறினால் ஆதாயம், இறங்கினால் நஷ்டம், அவ்வளவுதான். குலை விலையோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த வேலை எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. நிலம் விற்ற பணத்தில் கடனைக் கொஞ்சம் மட்டும் அடைத்து, ஸ்வாப்பையும் அதே அளவுக்கு வெட்டச் சொல்லலாம் என்றும் சொன்னேன். அவருக்கு முழுவதையும் முடிப்பதில்தான் விருப்பம்.

பேங்க்குக்கு இரண்டே கேள்வியோடு கடிதம் போட்டோம்: எந்த நாள், எந்த நேரத்துச் சந்தை விகிதத்தில் போட்டீர்கள், அதன்மேல் எவ்வளவு சேர்த்தீர்கள். பதிலில் சேர்த்தது 0.10-இலிருந்து 0.04 ஆகியிருந்தது. சந்தை அதற்குள் சற்றே ஏறியிருந்ததால் மொத்தத் தொகை இன்னும் குறைந்தது. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. முடிக்கும் நாளை நிலப் பணம் வரும் நாளோடு பொருத்தி, அன்று காலை விகிதத்தை மறுபடி கேட்டு, தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லி, எழுத்தில் உறுதிக் கடிதம் வாங்கிக்கொண்டார்.