கதவை மூடியும் அணையாத கார் விளக்கு

எதிர்வீட்டு அண்ணன் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு காரை நிறுத்தினார். ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. “பேட்டரி போச்சுப்பா, புதுசு வாங்கணும்” என்றார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கூரையில் இருந்த விளக்கு, அணையப் போகும் அகல் போல மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. கதவுகள் நான்கும் மூடித்தான் இருந்தன.

கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும். அந்த பல்பு 10 வாட். 12 வோல்ட்டில் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 0.8 ஆம்பியர். 34 மணி நேரம் எரிந்தால் 27 ஆம்பியர்-மணி காலி. சின்ன கார்களில் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி. அதுவும் புதிதாக இருக்கும்போதுதான். நாலு வருடப் பழசு என்றால் அவ்வளவு தாங்காது. மிச்சமிருக்கும் சொச்சத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாது. பேட்டரி மேல் குற்றமில்லை, சார்ஜ் போட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் விளக்கு ஏன் அணையவில்லை என்று பார்க்காமல் விட்டால் அடுத்த வாரமும் இதே கதைதான்.

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதல்லவா? கதவோரம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் விளக்கு அணையும், விட்டால் எரியும். கார் கதவிலும் அதே ஏற்பாடுதான். கதவு வந்து மோதும் தூணில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். கதவு மூடி அதை உள்ளே தள்ளினால் தொடர்பு அறுந்துவிடும். திறந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ளித் தொடர்பை இணைத்துவிடும். அழுத்தினால் ஒலிக்கும் காலிங்பெல் பொத்தானுக்கு நேர் எதிர். குமிழ் முழுதாக உள்ளே போகாவிட்டால் ‘கதவு திறந்திருக்கிறது’ என்றே விளக்கு நம்பும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முதலில் பல்பைக் கடந்து, அதன் பிறகுதான் கதவு சுவிட்சுகளுக்குப் போகிறது. பழைய வகை கார்களில் பெரும்பாலும் இப்படித்தான். எல்லாக் கதவு சுவிட்சுகளும் ஒரே கம்பியில் தொங்கும். அவற்றில் ஏதாவது ஒன்று அந்தக் கம்பியை கார் பாடியோடு, அதாவது எர்த்தோடு, சேர்த்துவிட்டால் போதும், விளக்கு எரியும். அதனால் எந்தக் கதவு குற்றவாளி என்று விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கழிக்கும் வேலையைக் கூரை விளக்கிலேயே தொடங்கலாம். அதன் சுவிட்சில் மூன்று நிலைகள் உண்டு: ஆன், டோர், ஆஃப். ஆன் நிலையில் கதவோடு தொடர்பே இல்லாமல் எப்போதும் எரியும். பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும். பின்சீட்டுக் குழந்தை ஆன் பக்கம் தள்ளிவிட்டிருக்கும், நாம் கதவைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். ஆஃப் நிலையில் வைத்தும் எரிந்தால், அந்த விளக்கின் சுவிட்சுக்குள் தகடு வளைந்தோ உருகியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு செட்டை மாற்ற வேண்டியதுதான். அதைக் கழற்றும் முன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். அங்கே பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், ஸ்குரூடிரைவர் பாடியில் பட்டால் ஃபியூஸ் போய்விடும். ஆஃபில் அணைந்து டோர் நிலையில் மட்டும் எரிந்தால் கோளாறு கதவுப் பக்கம்தான்.

அண்ணன் காரில் ஜம்பர் கேபிள் போட்டுப் பார்த்தபோது மூன்றாவது கதைதான். ஆஃபில் அணைந்தது, டோருக்குத் தள்ளினால் எரிந்தது.

ஒரு கதவை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடி, திறந்த கதவின் குமிழைக் கட்டைவிரலால் ஆழமாக அழுத்தினேன். ஓட்டுநர் கதவில் அழுத்தினாலும் விளக்கு எரிந்தது. அதனால் அந்த சுவிட்ச் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு ஒரு கதவு எரியவைத்துக்கொண்டிருக்கலாம். முன் இடதிலும் அப்படியே. பின் இடது கதவின் குமிழை அழுத்தியதும் சட்டென்று அணைந்தது! ஆக சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. கதவுதான் அதை எட்டவில்லை. உற்றுப் பார்த்தால் குமிழின் ரப்பர் தொப்பியைக் காணோம். தொப்பி போன சில மில்லிமீட்டர் இடைவெளியே மொத்தக் காரணம். சைக்கிள் டியூப் துண்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கதவில் குமிழ் மோதும் இடத்தில் ஒட்டினேன். கதவை மூடியதும் அணைந்துவிட்டது. தொப்பி வாங்கும்வரை அது தாங்கும். கீல் தேய்ந்து கதவு தொங்கினாலும் இதே மாதிரிதான் ஆகும், அங்கே டியூப் வைத்துப் பயனில்லை, கீலைச் சரிசெய்ய வேண்டும்.

எந்தக் குமிழை அழுத்தியும் அணையவில்லை என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கோளாறு இருக்கலாம், அல்லது ஒரு சுவிட்ச் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். மழையில் துருப்பிடித்த சுவிட்ச் பெரும்பாலும் விளக்கை எரியவிடாது, ஆனால் துருவில் குமிழ் வெளியே சிக்கி நின்றால் அணையவும் விடாது. மற்ற கதவுகளை மூடிவைத்து, திருகைக் கழற்றி ஒவ்வொரு சுவிட்சாக வெளியே இழுத்து, கம்பியை உருவிப் பாருங்கள். எதை உருவும்போது அணைகிறதோ அதுதான் ஆள். உருவுவதற்கு முன் கம்பியில் ஒரு நூலோ கிளிப்போ கட்டிவிடுங்கள். தூணுக்குள் நழுவி விழுந்துவிட்டால் மீன் பிடிப்பது மாதிரி அரை நாள் போகும். இந்தக் கம்பி பாடியில் பட்டால் ஃபியூஸ் போகுமோ என்று பயப்பட வேண்டாம். மின்சாரம் பல்பைத் தாண்டித்தான் வருகிறது, பட்டால் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

அதே காரணத்தால்தான், எல்லா சுவிட்சையும் உருவிய பிறகும் எரிந்தால் ஃபியூஸ் போகாமலேயே எங்கோ கம்பி உரசிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். முதலில் டிக்கியைப் பாருங்கள். அதற்கும் சில கார்களில் இதே கம்பியில் ஒரு சுவிட்ச் உண்டு, பலரும் மறந்துவிடுவார்கள். டிக்கிக் கதவுக்குப் போகும் கம்பிகள் கீல் அருகே ரப்பர் குழாயில் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கின்றன. அங்கேதான் உறை கிழிவது வழக்கம்.

புதிய கார்களில் தூணில் குமிழே இருக்காது. சுவிட்ச் கதவின் பூட்டுக்குள் ஒளிந்திருக்கும். கதவைத் திறந்துவைத்து, பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் இரண்டு ‘கிளிக்’ கேட்கும்வரை திருப்புங்கள். பூட்டிக்கொண்டதாகக் கார் நினைக்க வேண்டும். மற்ற கதவுகள் மூடியிருந்து, கொஞ்ச நேரம் காத்திருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் அடுத்த கதவுக்குப் போகலாம். பூட்டில் பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து பிசின் ஆகியிருந்தால், துரு நீக்கும் ஸ்பிரே அடித்துப் பலமுறை இயக்கினாலே சரியாகிவிடும். முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவியுங்கள். மறந்து கதவைச் சாத்தினால் பூட்டு அடிபடும்.

பழைய பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவை மூடிய பின்னும் மின்மினி போல மெல்ல ஒளிர்ந்தால் அது கதவுக் கோளாறு இல்லை. சில காரின் கட்டுப்பாட்டு சுற்றில் கசியும் சொற்ப மின்சாரமே அதற்குப் போதும். பழைய பல்பைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், முழுதாக அணைந்துவிடும்.