வடித்த பிறகும் வேகும் சோறு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்யாணங்களில் சமையலுக்கு ஆள் பேச வருபவர்கள் சாம்பாரில் எத்தனை காய், இனிப்பு என்ன என்று அரை மணி நேரம் பேசுவார்கள். சோறு பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் மூன்றாம் பந்தியில் வரும் புகார் பெரும்பாலும் சோற்றைப் பற்றித்தான் இருக்கும். ஒன்று குழைந்திருக்கும், அல்லது விறைத்திருக்கும். பல நேரங்களில் ஒரே அண்டாவில் அடியில் குழைந்தும் மேலே விறைத்தும் கிடக்கும்.

வீட்டுப் பானையில் வடித்த சோறு விரைவில் சூடு இறங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசியின் சோறு அப்படி ஆறாது. நடுவில் இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல், அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதனால் சரியாக வெந்தபின் வடித்தால், இலையில் விழும்போது அது வெந்து தாண்டிய சோறாக இருக்கும். மொத்தச் சமையலில் சோறு பாதி வேகுவது அண்டாவில். மீதியை வடிகூடைக்கும் தம்முக்கும் விட்டுவைக்க வேண்டும்.

முதலில் அரிசி. பந்திக்கு நான் கேட்பது ஓர் ஆண்டு பழகிய பொன்னிப் புழுங்கல். நெல்லிலேயே அவித்துக் காயவைத்ததால் புழுங்கல் மணி இறுகியிருக்கும், கொதியில் எளிதில் உடையாது. பழைய அரிசி தண்ணீரை அதிகம் வாங்கி உதிரியாக மலரும். புதிய அரிசி மேலே கரைந்து ஒட்டிக்கொள்ளும். ஓசூர்ப் பக்கம் சோனா மசூரிப் பச்சரிசியை விரும்பிக் கேட்கும் குடும்பங்கள் உண்டு. அதைச் சமைக்கலாம், ஆனால் அது காத்திருக்காது. சிறு சிறு ஈடாக வடித்து உடனே பரிமாற ஆள் இருந்தால்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

மூட்டையின் மேல் அச்சடித்த பெயரை நம்பிப் பயனில்லை. முதல் நாள் மாலையே ஒரு பிடி அரிசியை ஊறவைத்து, சிறு பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூட்டை மாறினால் நிமிடமும் மாறும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அதனால் தர்மபுரியில் குறித்த நிமிடம் அங்கே சற்றுப் போதாது.

தண்ணீரில்தான் பலர் வீட்டுக் கணக்கை அப்படியே பெருக்குகிறார்கள். அரிசி குடிக்கும் தண்ணீர் அரிசியின் அளவோடு கூடும். ஆவியாகும் தண்ணீர் அப்படிக் கூடுவதில்லை. வீட்டில் ஒரு படிக்கு மூன்று படி வைப்பவர், வடிக்காமல் பொங்கும் முறையில் பத்துப் படிக்கு முப்பது வைத்தால் கூழ்தான் கிடைக்கும். இரண்டேகால் மடங்கை ஒட்டி வைத்தால் போதும். ஆனால் வெள்ளைச் சோற்றுக்கு வடிப்பதே நல்லது. கிலோவுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். குறைந்தால், அரிசியைப் போட்டதும் கொதி அடங்கி, மீண்டும் எழ நேரமாகும். அதற்குள் மணியின் மேல்பகுதி கரைய ஆரம்பித்துவிடும். ஐந்தாறு நிமிடத்தில் கொதி திரும்பாவிட்டால் தீ போதவில்லை, அல்லது அண்டாவுக்கு அரிசி அதிகம்.

எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கொண்டது. அதில் சோறு மஞ்சளாக வரும். எலுமிச்சைச் சாறு விட்டால் வெளுக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் உள்ள ஃபுளூரைடு கொதித்தாலும் போகாது, வெளுத்தாலும் போகாது. மண்டபத்தில் ஒகேனக்கல் குடிநீர் வந்தால் சமையலுக்கு அதைப் பிடித்துவைக்கச் சொல்வேன்.

500 பேருக்கு மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். இனிப்பு, கூட்டு, பொரியல் எல்லாம் உள்ள இலைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி போதும்; 25 கிலோ சிப்பம் இரண்டு. ஒரு பந்திக்கு 125 பேர், நாற்பது நிமிடத்துக்கு ஒரு பந்தி. ஆக அரைச் சிப்பம் வீதம் நான்கு ஈடு. முதல் பந்தி 11.30 என்றால் பத்து மணிக்கு அரிசி ஊற வேண்டும். 65 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, 10.35க்கு அரிசி இறங்க வேண்டும். போட்டதும் ஒருமுறை அடிவரை கிளறிவிட்டால் போதும். பிறகு கரண்டி போட்டால் மணி உடையும். அடுத்த அண்டாவில் இரண்டாம் ஈட்டுக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்.

பதம் பார்ப்பதற்கு மேல் மணி உதவாது. நடுவிலிருந்து சிலவற்றை எடுத்து விரலால் நசுக்கினால், உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதுதான் வடிக்கும் நேரம். அது மறையும்வரை காத்திருப்பவர் தம்முக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. வடிகூடையில் ஒரு சாணுக்கு மேல் குவிக்கக்கூடாது. அதற்குமேல் போனால் பாரத்திலேயே அடிச்சோறு நசுங்கும். ஒட்டியிருக்கும் கஞ்சி போகக் கொதிநீரை ஊற்றி அலசலாம். பச்சைத் தண்ணீரை ஊற்றுவது பழக்கத்தில் இருக்கிறது. அது சூட்டையும் கெடுக்கும், கொதிக்காத தண்ணீரில் உள்ள கிருமியையும் சோற்றில் சேர்க்கும்.

தம்முக்கும் காத்துவைப்பதற்கும் பாத்திரத்தை முதலிலேயே கொதிநீர் ஊற்றிச் சூடாக்க வேண்டும். மூடிக்குக் கீழே சுத்தமான துணி கட்டாவிட்டால், மூடியில் படியும் ஆவி சொட்டிச் சொட்டி மேல்சோறு ஊறிப்போகும். பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டால் அந்த வெள்ளைப் புள்ளி மறைந்திருக்கும். எடுக்கும்போது ஓரத்திலிருந்து அகலக் கரண்டியால் வெட்டி எடுத்து, உடனே மூட வேண்டும். ஹாட் பாக்ஸ் பாதி காலியானால் சூடு வேகமாக இறங்கும். மீதியைச் சின்ன பெட்டிக்கு மாற்றுங்கள்.

சோறு விறைப்பதை ஈரம் போய்விட்டது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். மூடிவைத்த சோறும் ஆறினால் விறைக்கும், ஏனென்றால் ஆறும்போது உள்ளிருக்கும் மாவுச்சத்து மீண்டும் இறுகுகிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவதால் பயனில்லை. கொஞ்சம் வெந்நீர் தெளித்து ஐந்தாறு நிமிடம் ஆவி காட்டினால் இளகிவிடும். குழைந்த சோற்றுக்கு மருந்தில்லை, தயிர்சாதமாக்கலாம்.

நான்காம் ஈட்டை எப்போதும் ஊறவைத்து, தண்ணீரை வடித்து நிறுத்திவைப்பேன். இரண்டாம் பந்தியின் கூட்டத்தைப் பார்த்த பிறகே அது கொதியில் இறங்கும். இறங்காவிட்டால் வீட்டார் அதை அரைத்துத் தோசை மாவில் சேர்த்துக்கொள்வார்கள்.

மிஞ்சிய சோற்றை ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அனுப்பும் நல்ல வழக்கம் இங்கே உண்டு. இரண்டு மணிக்கு மிஞ்சியதை மூடி ஓரத்தில் வைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு வண்டி பிடிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் குவியலில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பழைய சோறு கெடுவதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அது தண்ணீரில் மூழ்கிப் புளிப்பது. மூடிய அண்டாவில் கிடப்பது அதுவல்ல.

ஆகவே கடைசிப் பந்தி உட்காரும்போதே இல்லத்துக்குப் பேசிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உணவு வெப்பமானியைச் சோற்றின் நடுவில் குத்திப் பாருங்கள். 60க்கு மேல் இருந்தால் சூடான பெட்டியில் உடனே அனுப்பலாம், போய்ச் சேர்ந்ததும் பரிமாறச் சொல்லலாம். அதற்குக் கீழே எப்போது இறங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் கொடுக்க வேண்டாம்.