வாட்ச் ஒரு கணக்கு, போன் ஒரு கணக்கு: எந்த ஸ்டெப்ஸை நம்புவது?

முட்டி வலிக்காக பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் எக்ஸ்ரே கவரோடு வருவார்கள். இப்போது ஒரு கையில் வாட்ச்சையும் இன்னொரு கையில் போனையும் ஒன்றாக என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். “மேடம், இதுல ஆறாயிரம் காட்டுது, அதுல மூவாயிரத்து எண்ணூறு காட்டுது. எது சரி?” சிலர் இரண்டையும் கூட்டிச் சொல்கிறார்கள். சிலர் கூட்டி இரண்டால் வகுத்துக்கொண்டு வருகிறார்கள். கடையில் சண்டை போட்டு வாட்ச்சை மாற்றி வாங்கியவரும் உண்டு. புதியதும் போனோடு ஒத்துப்போகவில்லை என்று அடுத்த சண்டைக்குத் தயாராக இருந்தார்.

சமீபத்தில் ஒரு அம்மா வீங்கிய முட்டியோடு வந்தபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர் விஷயத்துக்கு வருவதற்கு முன், எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் ஒரு நம்பிக்கையை முதலில் ஒழித்துவிடலாம்.

வாட்ச் உங்கள் காலைப் பார்ப்பதில்லை. போனும் பார்ப்பதில்லை. “சாட்டிலைட் மூலமா எண்ணுது” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இல்லை. ஜிபிஎஸ் தூரத்தையும் பாதையையும் சொல்லத்தான் உதவுகிறது. ஸ்டெப் எண்ணுவது உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர் என்ற சின்ன சென்சார். அதற்குத் தெரிவதெல்லாம், தான் இருக்கும் இடம் எப்படி அசைகிறது, எவ்வளவு குலுங்குகிறது என்பது மட்டும்தான். அந்த அசைவு நடை போல ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வந்தால், “இது நடையாக இருக்கும்” என்று உள்ளே இருக்கும் கணக்கு முடிவு செய்கிறது. அதாவது நீங்கள் திரையில் பார்க்கும் எண் ஒரு ஊகம்.

மணிக்கட்டில் கட்டிய வாட்ச் கையின் வீச்சை வைத்து ஊகிக்கிறது. பாக்கெட்டில் இருக்கும் போன் இடுப்பும் தொடையும் குலுங்குவதை வைத்து ஊகிக்கிறது. கையும் இடுப்பும் நாள் முழுக்க ஒரே வேலையையா செய்கின்றன? அப்படியிருக்க இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்? விலை உயர்ந்தது சரியாக எண்ணும் என்பதும் இதே வகை நம்பிக்கைதான். எவ்வளவு ரூபாய் கொடுத்து வாங்கினாலும், அசையாத கையில் கட்டிய வாட்ச்சுக்கு நடை தெரியாது. மேஜையில் சார்ஜில் கிடக்கும் போனுக்கும் தெரியாது.

சரி, அந்த அம்மா. முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். வெளியூரில் இருக்கும் மகன் ஒரு வாட்ச் வாங்கி அனுப்பியிருக்கிறார். தினமும் இரவு அந்த வாட்ச்சைப் படம் எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதில் பெரும்பாலும் நானூறு, நானூற்றைம்பது என்றுதான் காட்டியிருக்கிறது. “நானூறு ஸ்டெப்தான் நடந்திருக்கீங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரா இல்லையாம்மா?” என்று மகன் போனில் கேட்க, இவர் பயந்துபோய் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் கூடுதலாகச் சுற்ற ஆரம்பித்திருக்கிறார். ஒரே வாரத்தில் முட்டி சூடாகி, வீங்கி, அதுவரை மடங்கிய அளவுக்குக்கூட மடங்காமல் வந்து நின்றார்.

அவருடைய போன் எப்போதும் நைட்டி பாக்கெட்டில் இருக்கும். அதே நாட்களில் அந்தப் போன் ஆயிரத்து எழுநூறு காட்டியிருக்கிறது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

கிளினிக் வராந்தாவில் அவரை வாக்கரோடு நடக்கவிட்டு, 100 அடிகளை நானே வாய்விட்டு எண்ணினேன். வாட்ச் 14 எண்ணியிருந்தது. போன் 81. பிறகு அதே வாட்ச்சைக் கழற்றி, சாக்ஸின் மேல் கணுக்காலில் கட்டி மறுபடி 100 அடி நடக்கவிட்டேன். 96 வந்தது. வாட்ச்சில் ஒரு கோளாறும் இல்லை. வாக்கரைப் பிடித்திருக்கும் கை வீசாது, அவ்வளவுதான். போன் ஏன் 81-லேயே நின்றது என்றால், மெதுவாக அடி வைக்கும்போது இடுப்பில் குலுக்கல் குறைவு. அதில் கொஞ்சம் விட்டுப்போகும். அந்த விகிதத்தில் பார்த்தால் போன் காட்டிய ஆயிரத்து எழுநூறு உண்மையில் இரண்டாயிரத்து நூறுக்குப் பக்கம் வரும். இரண்டாயிரம் அடி நடந்தவரை நானூறு அடி என்று நினைத்து விரட்டியிருக்கிறார்கள்.

(இதைப் படிக்கும், முட்டி ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒன்று: கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ, காய்ச்சலோ, தையல் இடத்தில் கசிவோ இருந்தால் அது ஸ்டெப் கணக்குப் பிரச்சினை இல்லை. அன்றைக்கே சர்ஜனைப் பாருங்கள்.)

கை வீசாத நடை வாக்கரோடு முடிவதில்லை. ஊன்றுகோல், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி, குழந்தையின் ஸ்ட்ரோலர், டிரெட்மில்லின் கைப்பிடி, இடுப்பில் தூக்கிய பேரன், இரண்டு கையிலும் காய்கறிப் பை என எல்லாமே வாட்ச்சைக் குருடாக்கும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு ஒரு பக்கக் கை வீச்சு குறைந்துபோவது வழக்கம். வாட்ச் அந்தக் கையில் இருந்தால் எண் இன்னும் மோசமாகக் குறையும். இவர்கள் எல்லோருக்கும் பாக்கெட்டில் இருக்கும் போன்தான் உண்மைக்கு அருகில் வரும். பாக்கெட் என்றால் பாக்கெட்தான். தோளில் தொங்கும் ஹேண்ட்பேக் தன் இஷ்டத்துக்கு ஆடும், அதில் கிடக்கும் போன் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள். புடவை கட்டுகிறவர்கள் இடுப்பில் ஒரு சின்ன பௌச் கட்டிக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர் ரகம், வாட்ச் தாராளமாகக் காட்டும் வீடுகள். காலையில் எழுந்ததிலிருந்து சமையலறையிலேயே இருக்கும் ஒருவருக்கு வாட்ச் ஒன்பதாயிரம் காட்டும், போன் நாலாயிரம் காட்டும். இங்கே இரண்டுமே தவறு. போன் பாதி நாள் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது, அதனால் வீட்டுக்குள் நடந்த நடை அதில் இல்லை. வாட்ச்சோ சப்பாத்தி தேய்த்ததையும் துணி கசக்கியதையும் கொஞ்சம் நடையாகச் சேர்த்துக்கொண்டது. அதே நேரம் அடுப்புக்கும் சிங்குக்கும் இடையே வைத்த இரண்டு மூன்று அடிகளை விட்டும் இருக்கும். தொடர்ச்சியாகச் சில அடிகள் வந்தால்தான் நடை என்று பல வாட்ச்கள் ஒப்புக்கொள்ளும். இதில் கூட்டி இரண்டால் வகுத்து என்ன கிடைக்கப்போகிறது? ஒன்றின் தவறு எவ்வளவு, மற்றதன் தவறு எவ்வளவு என்று தெரியாமல் எடுக்கும் சராசரி மூன்றாவது தவறான எண், அவ்வளவுதான்.

ஆக, எதை நம்புவது? இரண்டு கையும் வீசி, ஓரளவு வேகமாக, இடையில் நிற்காமல் நடக்கும் வாக்கிங்குக்கு வாட்ச்சை நம்பலாம். போனும் பாக்கெட்டில் இருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு இரண்டும் அருகருகே வரும். கையில் ஏதாவது பிடித்திருந்தால் போன். வீட்டு வேலைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். நாள் மொத்தக் கணக்கு வேண்டும் என்றால், போனை எங்கே வைத்தோம் என்று நமக்கே நினைவிருக்காது, வாட்ச் கையிலேயே இருக்கும். அதனால் வாட்ச்சையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன வாரத்து வாட்ச் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். போனோடு வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் வாட்ச்சோடு வேண்டவே வேண்டாம்.

உங்கள் கருவி உங்களிடம் எவ்வளவு பிழை செய்கிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். போனைப் பாக்கெட்டில் போடுங்கள். இரண்டிலும் உள்ள எண்ணைக் காகிதத்தில் குறியுங்கள். வழக்கமாக நடப்பது போலவே நடந்து, மனதுக்குள் 200 வரை எண்ணி, நின்றுவிடுங்கள். உடனே பார்க்காதீர்கள். திரையில் எண் ஏறக் கொஞ்ச நேரமாகும், ஒரு நிமிடம் விட்டு, ஆப்பைத் திறந்து பாருங்கள். 190-க்கும் 210-க்கும் இடையில் இருந்தால் போதுமான அளவுக்குச் சரி. 150-க்குக் கீழே வந்தால் அந்த வகை நடைக்கு அந்தக் கருவியை ஒதுக்கிவிடுங்கள். இதையே தள்ளுவண்டியோடோ ஊன்றுகோலோடோ, நீங்கள் உண்மையில் எப்படி நடக்கிறீர்களோ அப்படி ஒருமுறை செய்யுங்கள். பரிசோதனை என்றதும் ராணுவ அணிவகுப்பு மாதிரி கை வீசி நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். வாட்ச் ஆப்பில் எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கும் இடம் இருந்தால் அதையும் சரிபாருங்கள்.

சிலருக்கு மூன்றாவதாக ஒரு எண்ணும் வரும். வாட்ச்சில் ஒன்று, போனில் ஒன்று, ஹெல்த் ஆப்பில் இன்னொன்று. வாட்ச்சும் போனும் அனுப்பும் கணக்கை அந்த ஆப் ஒன்றோடொன்று பொருத்தி, ஒரே நேரத்தில் இரண்டும் எண்ணியிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஐபோனில் Health ஆப்பில் Steps-க்குள் போய் Data Sources & Access என்பதைத் திறந்தால் எதற்கு முன்னுரிமை என்று வரிசை தெரியும், மாற்றவும் செய்யலாம். ஆண்ட்ராய்டில் Health Connect-இலும் இப்படி முன்னுரிமை வரிசை உண்டு. நான்கு ஸ்டெப் ஆப்களை இன்ஸ்டால் செய்துவிட்டு என்னிடம் வராதீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள்.

பத்தாயிரம் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அந்த எண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், இறப்பு அபாயம் குறைவது நாளொன்றுக்கு 7,500 அடி வாக்கில் நின்றுவிட்டது, அதற்கு மேல் நடந்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. இதில் எங்கள் துறைக்காரர்கள்கூட மறந்துவிடும் விஷயம், அந்தப் பெண்கள் கருவியை இடுப்பில் கட்டியிருந்தார்கள். இடுப்பில் எடுத்த 7,500-ஐயும், சப்பாத்தி கலந்த உங்கள் மணிக்கட்டு 7,500-ஐயும் எப்படி ஒப்பிடுவது?

அதனால் ராத்திரி பதினொரு மணிக்கு மீதி எழுநூறு ஸ்டெப்புக்காக மொட்டை மாடியில் சுற்றாதீர்கள். அந்த எழுநூறு ஏற்கெனவே நடந்து, எண்ணப்படாமல் போனதாகவே இருக்கலாம். வேகம் போதுமா என்று தெரிய வேண்டுமானால், ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வயது வந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 100 அடி வந்தால் அது மிதமான உடற்பயிற்சி. அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு ஆகிவிடும். ஆபரேஷன் ஆனவர்களும் மூட்டு வீக்கம் உள்ளவர்களும் இந்தக் கணக்கைத் தொட வேண்டாம். உங்களுக்கு எத்தனை நிமிடம், எத்தனை முறை என்று சொல்லியிருப்போம், அதை மட்டும் பாருங்கள். மறுநாள் காலையில் முட்டி முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால், வாட்ச் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் நீங்கள் அதிகம் நடந்துவிட்டீர்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா அப்பாவிடம் வாட்ச் படம் கேட்பதை நிறுத்துங்கள். காலையில் எத்தனை நிமிடம் நடந்தீர்கள், மாலையில் எத்தனை நிமிடம், இப்போது முட்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அந்த அம்மாவின் மகனிடமும் இதைத்தான் போனில் சொன்னேன். இப்போது அம்மா காலையில் எட்டு நிமிடம், மாலையில் எட்டு நிமிடம் நடக்கிறார். வீக்கம் வற்றும்வரை அதைக் கூட்டப்போவதில்லை.