டீத்தூள் பொட்டலத்தில் ஒரு தூக்கக் கணக்கு

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்த அண்ணாச்சிக்கு 54 வயது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரவு பத்து மணிக்குப் படுத்தால் உடனே கண்ணயர்ந்துவிடுவார். ஆனால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும், பிறகு விடியும்வரை புரண்டுகொண்டிருப்பார். தூக்க மாத்திரை கேட்டுத்தான் வந்திருந்தார்.

டீயைப் பற்றிக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு பெருமிதம். “பால் டீயை விட்டு மூன்று மாதம் ஆகிறது டாக்டர். வெறும் பிளாக் டீதான். அதில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறதாமே, எத்தனை குடித்தாலும் நல்லது என்றார்கள்.” எத்தனை என்றேன். ஆறு. காலை 6 மணி, 8.30, 11.30, மதியம் 3, மாலை 5, கடை முடிந்து வீட்டில் 7.30. “லைட்டாகத்தான் குடிக்கிறேன்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த ‘லைட்’, ‘ஸ்ட்ராங்’ இரண்டும் நாக்கும் கண்ணும் சொல்லும் அளவுகள். தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனுக்கு நிறம் கிடையாது. ஒரு டீயில் இருக்கும் அளவுக்குத் தனிச் சுவையும் பெரிதாகத் தெரியாது. டீயின் செந்நிறமும் துவர்ப்பும் வேறு பொருள்களால் வருபவை. இலை நசுங்கிக் காற்றோடு வினைபுரியும்போது அதிலுள்ள கேட்டெகின்கள் என்ற ஆன்டிஆக்சிடன்ட் பொருள்கள் தியாஃபிளேவினாகவும் தியாருபிஜினாகவும் மாறுகின்றன. அவைதான் நிறத்தைக் கொடுக்கின்றன. நம் ஊரில் புழங்கும் தூள், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையில் தயாராவது. துகள் பொடியாக இருப்பதால், கொதிநீரில் விழுந்த முதல் சில நிமிடங்களிலேயே காஃபீனில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதற்கு மேல் கொதிக்க விட்டால் கூடுவது பெரும்பாலும் துவர்ப்புதான். கடை பாய்லரில் மணிக்கணக்காகச் சுண்டிய டிகாக்‌ஷன் நாக்கை இழுத்துப் பிடிப்பது இதனால்தான். ஆகவே கொதி நேரத்தைக் குறைத்து ‘லைட்’ ஆக்கியவர், காஃபீனை அதிகம் குறைத்துவிடவில்லை. போடும் தூளைக் குறைத்தால்தான் காஃபீன் குறையும்.

பால் ஊற்றினாலும் காஃபீன் எங்கும் போய்விடாது. டம்ளரில் பாதி பாலாக இருந்தால் டிகாக்‌ஷன் பாதியாகக் குறையும், அந்த அளவுக்குத்தான் வித்தியாசம். டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்கிப் பால் சேர்ப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

அளக்க வேறு வழி இருக்கிறது. “டீத்தூள் எந்த அளவுப் பொட்டலம் வாங்குகிறீர்கள், எத்தனை நாள் வரும்?” என்று உடன் வந்திருந்த அவர் மனைவியிடம் கேட்டேன். 250 கிராம் பொட்டலம், பத்து நாள். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 25 கிராம். அண்ணாச்சிக்கு ஆறு, அந்த அம்மாளுக்கு மூன்று, ஆக ஒன்பது டம்ளர். ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய 2.8 கிராம் தூள். தேயிலையின் எடையில் 2 முதல் 4 விழுக்காடு காஃபீன். நடுவில் 3 என்று வைத்தால் 84 மில்லிகிராம். முழுவதும் இறங்காது, மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தாலும் டம்ளருக்கு 55 வருகிறது. ஆறு டம்ளருக்கு 330. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 வரை விடுகிறது, கர்ப்பிணிகளுக்கு 200தான். மொத்த அளவில் அண்ணாச்சி அந்த 300 எல்லையை லேசாகத்தான் தாண்டியிருந்தார். அவர் குடித்த நேரம்தான் இன்னும் மோசம்.

உடலில் ஏறிய காஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூடும். சராசரியையே எடுத்துக்கொண்டு அவருடைய ஆறு டம்ளரையும் சீட்டில் எழுதினேன். இரவு பத்து மணிக்கு, 7.30 டீயில் 39 மில்லிகிராம் மிச்சம், 5 மணி டீயில் 28, மூன்று மணியினுடையது 21. காலையில் குடித்த மூன்றும் சேர்ந்து இன்னொரு 27. மொத்தம் 115. படுக்கையில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுத் தலையணையில் சாய்வதற்கு ஒப்பானது இது.

“ஆனால் படுத்ததும் தூங்கிவிடுகிறேனே” என்றார். பலரும் சொல்வது இதுதான். நாள் முழுக்க மூளையில் சேரும் அடினோசின்தான் நமக்குத் தூக்கச் சுமையை ஏற்றுகிறது. காஃபீன் அது உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. களைத்த உடம்பு அதையும் மீறித் தூங்கிவிடும், ஆனால் ஆழ்ந்த தூக்கம் குறையும், இடையில் எளிதாக விழிப்பு வரும். அமெரிக்காவில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தபோதும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நம் கணக்கில் ஏழு டம்ளருக்கு மேற்பட்ட டீயை ஒரே மூச்சில் குடிப்பதற்குச் சமம் அது. ஆகவே அப்படியே ஒப்பிட முடியாது. ஆறு மணி நேரம் கழித்தும் விடாது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஆன்டிஆக்சிடன்ட். சோதனைக் குழாயில் டீ நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குடலில் அந்தப் பொருள்களில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் உருமாற்றிவிடுகிறது. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, உடலுக்குள் நடப்பதை அந்த எண்கள் காட்டவில்லை என்றும், விளம்பரக்காரர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்லி 2012-இல் பட்டியலையே நீக்கிவிட்டது.

‘பால் சேர்த்தால் எல்லாம் வீண்’ என்ற பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது. 2007-இல் பெர்லினில் 16 பெண்களிடம் செய்த ஆய்வில் பிளாக் டீ ரத்தக்குழாய் விரிவதைக் கூட்டியது, பால் சேர்த்ததும் அந்தப் பலன் மறைந்தது. பாலின் கேசின் புரதம் கேட்டெகின்களைப் பிடித்துக்கொள்வதாக விளக்கினார்கள். பாலால் மாற்றமில்லை என்று கண்ட ஆய்வுகளும் உண்டு. பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், டீயே குடிக்காதவர்களைவிட, தினமும் இரண்டு கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இறப்பு விகிதம் 9 முதல் 13 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. பால் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இது மக்களின் பழக்கத்தைக் கவனித்துக் குறித்துவைத்த ஆய்வுதான். டீயால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல இது போதாது. பால் பற்றிய அந்தப் பேச்சை நம்பிப் பால் டீக்காரர் பிளாக் டீக்கு மாற வேண்டியதில்லை. சர்க்கரையைக் குறைத்தால் அதைவிடப் பயன் உண்டு.

மூன்று டம்ளர் குடிக்கும் அந்த அம்மாளுக்கு ரத்தசோகை இருந்தது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பார். டீயின் டானின் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அண்ணாச்சிக்கு மாத்திரை எழுதவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலை பிளக்கும், எரிச்சல் வரும், ஒரு வாரம் வரை நீளும். அதனால் முதல் நான்கு நாள் 7.30 டீயை மட்டும் விடச் சொன்னேன். அடுத்து 5 மணி டீ. மூன்று மணி டீயை 2.30-க்கு நகர்த்தி, அதுவே அன்றைய கடைசி டீ. தூள் டம்ளருக்கு 2 கிராம், அவர்கள் வீட்டுக் கரண்டியில் தலைதட்டி ஒரு கரண்டி. கணக்குப்படி இரவு பத்து மணிக்கு இனி 34 மில்லிகிராம்தான் மிஞ்சும்.

ஒரு மாதம் கழித்து வந்தார். சிறுநீருக்காக ஒருமுறை எழுவது இன்னும் இருக்கிறது, அதற்குப் புரோஸ்டேட் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். எழுந்தாலும் திரும்பத் தூக்கம் வந்துவிடுகிறதாம். அந்த அம்மாள் பையிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “பொட்டலம் இப்போது பதினெட்டு நாள் வருகிறது டாக்டர்.”